படுக்கை 7: ஒன்பது நாள் என்.பி.எம். – நர்சிங் பதிவும் சர்ஜிக்கல் யூனிட்டுக்குக் கடிதமும்

பெண்கள் அறுவை வார்டு, கோத்தகிரி
19.11.2025, புதன், பிற்பகல் 3.45
எழுதுபவர்: வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்

நர்சிங் பதிவு

54 வயது, தேயிலைத் தோட்டத் தொழிலாளி. சிறுகுடலின் முதல் பகுதியில் அல்சர் ஓட்டை விழுந்து 10ஆம் தேதி இரவு அட்மிஷன். 11ஆம் தேதி அதிகாலை வயிற்றைத் திறந்து, கொழுப்புத் திரையை வைத்து ஓட்டை அடைக்கப்பட்டது. இன்று ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள்.

கேஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, வாய்வழி நிறுத்தியதற்கான ஆர்டர்களை மட்டும் எடுத்து எழுதுகிறேன்.

10ஆம் தேதி இரவு 9 மணி: என்.பி.எம்., அவசர ஆபரேஷனுக்காக. 11ஆம் தேதி: குடல் அசையும்வரை என்.பி.எம்., மூக்கு ட்யூப், ட்ரிப். 14ஆம் தேதி காற்று பிரிந்தது, 15ஆம் தேதி காலை மோஷன் போனார். ட்யூபில் வரும் நீர் 14ஆம் தேதியிலிருந்தே 24 மணி நேரத்துக்கு 200 மில்லிக்குக் கீழே. ஆனால் 15ஆம் தேதி ரவுண்ட்ஸில் "டை குடிக்க வைத்து எக்ஸ்ரே, கசிவு இல்லையென்றால் வாய்வழி" என்று எழுதப்பட்டது. டை ஸ்டாக்கில் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய வண்டி, மழையில் ரோட்டில் மண் சரிந்ததால் வரவில்லை. 16, 17 இரண்டு நாளும் ஆர்டர் பக்கத்தில் "சி.எஸ்.டி." என்ற மூன்றெழுத்து மட்டும் இருக்கிறது. 17ஆம் தேதி மாலை காயம் நான்கு சென்டிமீட்டர் விட்டுப்போனதைப் பார்த்து, மறு தையலுக்காக நள்ளிரவிலிருந்து மறுபடி என்.பி.எம். 18ஆம் தேதி சிசேரியன் ஒன்று அவசரமாக வந்து ஓ.டி. போய்விட்டது. இன்றைக்கு மறுபடி லிஸ்டில் இருந்தார். பொட்டாசியம் 3.1 என்று மயக்க மருந்து டாக்டர் பிற்பகல் 2 மணிக்குத் தள்ளி வைத்துவிட்டார்.

இதில் எந்த ஆர்டரையும் தப்பு என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் அந்தந்த நாளுக்குச் சரிதான். ஆனால் நான்கையும் கூட்டிப் பார்க்கும் இடம் கேஸ் ஷீட்டில் இல்லை, அதனால் கூட்டியவர் யாரும் இல்லை.

ஆர்டர் கணக்கில் ஒன்பது நாள். உடம்புக் கணக்கு அதைவிடக் கூட. மகளிடம் கேட்டேன். 8ஆம் தேதி மதியம் சாப்பிட்டதுதான் கடைசிச் சோறு. அப்புறம் வலி வந்ததிலிருந்து கட்டன் டீ மட்டும்தானாம், அதுவும் பாதி வாந்தி. ஆகப் பதினோரு நாள். இதை அட்மிஷன் சமயத்தில் யாரும் கேட்டு எழுதவில்லை.

ட்ரிப்பில் போனது: தினமும் டி.என்.எஸ். மூன்று பாட்டில், ஆர்.எல். இரண்டு. மூன்று டி.என்.எஸ்.ஸில் மொத்தம் 75 கிராம் குளுக்கோஸ், அதாவது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 250 முதல் 300 கலோரி. இவருடைய எடைக்குக் குறைந்தது 25 கலோரி வீதம் போட்டாலும் ஒரு நாளைக்கு ஆயிரத்தை ஒட்டி வேண்டும். ஒன்பது நாளில் உள்ளே போனது இரண்டரை நாள் தேவைதான். புரதம் ஒரு கிராம்கூட இல்லை. தேவை நாளொன்றுக்கு 47 முதல் 59 கிராம். "ட்ரிப் ஓடுதே சிஸ்டர், அதுல சத்து இருக்குமில்ல?" என்று மகள் கேட்டார். இருப்பது தண்ணீரும் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் என்று சொன்னேன்.

எடை: அட்மிஷனில் 42 கிலோ, இன்று அதே மெஷினில் 39.4. உயரம் 150 செ.மீ., பி.எம்.ஐ. 17.5. பொட்டு வைக்கும் இடத்துக்கு இரு பக்கமும் குழி. தோள் எலும்பு தனியாகத் தெரிகிறது. நேற்றுவரை கட்டிலில் தானே எழுந்து உட்கார்ந்தவர், இன்று காலை படுக்கை விரிப்பு மாற்றும்போது என் கையைப் பிடித்தும் எழ முடியவில்லை. பிடி அவ்வளவு தளர்ந்திருக்கிறது.

நாடி 96, பி.பி. 104/66, காய்ச்சல் 99.2, எஸ்.பி.ஓ.2 95 (இந்த உயரத்தில் இது வழக்கமான அளவு, ஆக்சிஜன் தொடங்க வேண்டாம்). வயிறு மிருதுவாக இருக்கிறது. ட்ரெயினில் 16ஆம் தேதியிலிருந்து 15 மில்லிக்குள் தெளிநீர் மட்டும், பித்த நிறம் இல்லை. சோடியம் 134, கிரியாட்டினின் 0.7, ஹீமோகுளோபின் 9.2. பாஸ்பரஸ், மெக்னீசியம் இதுவரை அனுப்பவில்லை. ஆல்புமின் 2.4 வந்திருக்கிறது, ஆனால் இன்பெக்ஷன் இருக்கும்போது அது எப்படியும் இறங்கும் என்பதால் சத்துக்குறைவுக்குச் சாட்சியாக அதை நான் எடுக்கவில்லை. எடையும் இன்டேக் சார்ட்டும் போதும்.

இன்னொன்று. இவர் தினமும் தைராய்டு மாத்திரை 75 மைக்ரோகிராம் போடுபவர். வாய்வழி ஒன்றும் வேண்டாம் என்றதும் அதுவும் 10ஆம் தேதியோடு நின்றுபோயிருக்கிறது. நிறுத்தச் சொல்லி ஆர்டர் கிடையாது. தொடரச் சொல்லியும் கிடையாது.

வாய்மொழியாகச் சொன்னது: 2.10க்கு டியூட்டி டாக்டரிடம். "நாளை ரவுண்ட்ஸில் பார்க்கலாம்" என்றார். 3.05க்கு அசிஸ்டன்ட் சர்ஜன் மேடத்துக்குப் போன், ஓ.டி.யில் இருப்பதால் எழுதி அனுப்பச் சொன்னார். கீழே உள்ள கடிதம் அதற்காக. நகல் மயக்க மருந்து டாக்டருக்கும் டயட்டீஷியனுக்கும்.

கடிதம்

19.11.2025, மாலை 4.00

மதிப்பிற்குரிய சீஃப் சர்ஜன் அவர்களுக்கு,

படுக்கை 7 அம்மாவுக்குப் பதினோரு நாளாக உணவு இல்லை. ஒன்பது நாள் நம் ஆர்டரில், இரண்டு நாள் வீட்டில். அடுத்து எப்போது, எந்த வழியில் உணவு தொடங்கும் என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரிகூட இல்லை. இன்றைக்குள் ஒரு முடிவு வேண்டும் என்பதால் எழுதுகிறேன். உணவைத் தொடங்கியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை, அது உங்கள் முடிவு. என்.பி.எம். தொடர வேண்டுமானால் எதற்காக, எதுவரை, அதுவரை சத்து எந்த வழியில் என்று மூன்றையும் சேர்த்து எழுதித் தாருங்கள்.

கசிவு பயம் இருந்தால்: டை நாளையும் வராமல் போகலாம். வயிறும் ட்ரெயினும் எப்படி இருக்கின்றன என்பதை மேலே எழுதியிருக்கிறேன். நேரில் பார்த்து, டை இல்லாமலே முடிவெடுக்க முடியுமா என்று சொல்லுங்கள். முடியாது என்றால், தைத்த இடத்தைத் தாண்டி இறங்கும் ஃபீடிங் ட்யூபோ ரத்தக் குழாய் வழி ஊட்டமோ வேண்டியிருக்கும். இரண்டாவது நம்மிடம் இல்லை. கோயம்புத்தூருக்கு அனுப்புவதாக இருந்தால், இரவில் மலை இறங்குவதைவிட காலையில் ரோடு நிலவரம் கேட்டுக்கொண்டு அனுப்பலாம். அதற்கும் இன்றே பேசி வைக்க வேண்டும்.

மறு தையலுக்காக என்றால்: மயக்க மருந்துக்கு முன் திட உணவு ஆறு மணி நேரம், தெளிந்த நீர் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் போதும் என்பது மயக்க மருந்துப் பிரிவே பின்பற்றும் விதி. நள்ளிரவிலிருந்து நிறுத்திவிட்டு மதியம் லிஸ்டிலிருந்து கழற்றினால், அந்த நாளும் வீண். ஓ.டி. தள்ளிப்போனால் அன்றைக்கே வார்டுக்குச் சொல்லுங்கள், கொடுக்கலாம் என்றால் அந்த நேரமே தொடங்கிவிடுகிறோம். இன்று கேஸ் நின்றதற்குக் காரணமான பொட்டாசியக் குறைவுக்கும் இந்தப் பட்டினிக்கும் தொடர்பு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. பொட்டாசியம் ட்ரிப்பில் சேர்த்தது 13ஆம் தேதி ஒரு நாள் மட்டும்.

எனக்கு இருக்கும் பெரிய பயம் வேறு. நாளை காலை யாராவது மனம் இளகி "இனி எல்லாம் கொடுங்கள்" என்று எழுதிவிட்டால் அதுதான் ஆபத்து. பத்து நாளுக்கு மேல் உணவு இல்லை, பொட்டாசியம் இறங்கியிருக்கிறது: ரீஃபீடிங் ஆபத்துக்கு இதில் ஒன்றே போதும். திடீரென்று மாவுச்சத்து நிறைய போனால் இன்சுலின் ஏறி, பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு தடுமாறலாம், மூச்சுத் தசை சோரலாம். எனவே முதல் உணவுக்கு முன் தயமின் ஊசி, முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல் போகாமல் (இவருக்கு 400க்குள்), நான்கிலிருந்து ஏழு நாளில் மெல்ல ஏற்றுவது, அந்த மூன்று ரத்தப் பரிசோதனையும் தினமும். இதற்கான ஆர்டரும் வேண்டும். தயமின் இதுவரை ஒரு டோஸும் போகவில்லை, டி.என்.எஸ். மட்டும் ஒன்பது நாள் போயிருக்கிறது.

தைராய்டு மாத்திரையைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு மடக்கு நீரோடு கொடுக்கலாமா?

மாலை 6 மணிக்குள் பதில் வரவில்லையென்றால் உங்களை நேரடியாகப் போனில் கூப்பிடுவேன், நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கும் சொல்லிவிடுவேன். குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்

தொடர் பதிவு

மாலை 5.40: சீஃப் நேரில் வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், ட்ரெயின் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டை எக்ஸ்ரே எனக்கு இன்னும் வேண்டும், ஆனால் அதற்காக இவரைக் காய வைக்க மாட்டேன்" என்றார். மூக்கு ட்யூபை க்ளாம்ப் பண்ணச் சொன்னார். இன்றிரவு மணிக்கு 30 மில்லி தண்ணீர் மட்டும். தயமின் 200 மி.கி. ஊசி இப்போதே. பொட்டாசியம் 20 மில்லி ஈக்விவலென்ட், அரை லிட்டர் என்.எஸ்.ஸில் நான்கு மணி நேரம். டி.என்.எஸ். நிறுத்தம். தைராய்டு மாத்திரை நாளை காலையிலிருந்து. மறு தையல் தள்ளிவைப்பு. டிரெஸ்ஸிங் இரு வேளை.

6.05: டயட்டீஷியனிடம் போனில் பேசினேன். வெறும் கஞ்சித் தண்ணீரில் புரதம் இல்லை, அதை மட்டும் வைத்து ஓட்டாதீர்கள் என்றார். நாளை வியாழன், அவர் வரும் நாள். காலை 9 மணிக்கு வந்து 400 கலோரிக்குள் கணக்குப் போட்டுத் தருவதாகச் சொன்னார். அதுவரை தண்ணீர் மட்டும்.

6.20: தயமின் கொடுத்தாயிற்று. மகளிடம் விவரம் சொன்னேன். பால், பிஸ்கட், பன் எதுவும் கொண்டுவந்து கொடுக்க வேண்டாம், ஆசைக்கு ஒரு வாய்கூட வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி, காரணமும் சொன்னேன். கட்டில் தலைமாட்டில் தொங்கிய "என்.பி.எம்." அட்டையை எடுத்துவிட்டு, "தண்ணீர் மணிக்கு 30 மில்லி, சிஸ்டரைக் கேட்காமல் வேறெதுவும் இல்லை" என்று எழுதி மாட்டியிருக்கிறது.

நைட் டியூட்டி சிஸ்டருக்கு: வாந்தி, வயிறு உப்புதல், வலி கூடுதல், நாடி 110க்கு மேல் – இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் தண்ணீரை நிறுத்தி, ட்யூபைத் திறந்து, டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். பொட்டாசியம் ட்ரிப் ஓடும்போது வேகத்தை யாரும் கூட்ட வேண்டாம். யூரின் மணிக்கணக்கில் எழுதுங்கள். காலை 6 மணிக்குப் பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம் மூன்றுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். பின் இரண்டும் கோயம்புத்தூர் லேபுக்குப் போகிறது, 7 மணி வண்டியைத் தவறவிட்டால் ரிசல்ட் ஒரு நாள் தள்ளிப்போகும். எடை காலை டிரெஸ்ஸிங்குக்கு முன்பு.