ஜூன் 10 முதல் 16 வரை கிளினிக் விடுமுறை: நோயாளிகள் கவனத்துக்கு

குடும்ப நிகழ்ச்சிக்காக நான் வெளியூர் செல்வதால், 2026 ஜூன் 10 புதன்கிழமை முதல் ஜூன் 16 செவ்வாய்க்கிழமை வரை ஏழு நாட்கள் கிளினிக் இயங்காது. 9ஆம் தேதி இரவு 8.30 வரை பார்ப்பேன். கடைசி டோக்கன் 8 மணிக்கு. 17ஆம் தேதி புதன் காலை 9 மணிக்குத் திறக்கும்.

மாத்திரையை இப்போதே எண்ணிப் பாருங்கள்

சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு, இதய நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் ஜூன் 20 வரை கையிருப்பு இருக்கிறதா என்று பார்த்து, குறைந்தால் 8ஆம் தேதிக்குள் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 9ஆம் தேதி கூட்டம் அதிகமாக இருக்கும். தீர்ந்துபோனால் "டாக்டர் வரட்டும்" என்று நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மாத்திரையை ஓரிரு நாள் விட்டாலே வலிப்பு வரலாம். ஸ்டீராய்டு மாத்திரையைப் பல வாரங்களாக எடுப்பவர் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். பழைய சீட்டுடன் கீழே சொல்லியிருக்கும் மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இந்த வாரத்தில் பரிசோதனை விழுந்தால், 8ஆம் தேதியே எடுத்து முடிவைக் காட்டிவிடுங்கள்.

விடுமுறை நாட்களில் யாரைப் பார்ப்பது

இதே கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் பொது மருத்துவர் மாலை 6 முதல் 8 வரை என் நோயாளிகளையும் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். உங்கள் நோட்டையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள். "வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒண்ணு" என்று சொன்னால் அவருக்கு எதுவும் தெரியாது.

புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டியவர்களுக்காக மட்டும் சிஸ்டர் 12 வெள்ளி, 15 திங்கள் காலை 9 முதல் 10.30 வரை இங்கே இருப்பார். ஊசி போடவோ மாத்திரை கொடுக்கவோ அவரை வற்புறுத்தாதீர்கள்.

நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் அட்டையில் எழுதிய தேதியைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த அட்டையுடன் அரசு மருத்துவமனைக்குப் போய் அன்றே போட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் சீட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணில் இரவு 8 முதல் 9 வரை என்னிடம் பேசலாம். அவசரத்துக்கு அந்த எண்ணையோ வாட்ஸ்அப்பையோ நம்பிக் காத்திருக்காதீர்கள்.

அவசரம் என்றால்

108க்கு அழையுங்கள், அல்லது 24 மணி நேர அவசர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு நேரே செல்லுங்கள். முதல் மாடி மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ வந்து, வியர்த்துக் கொட்டினால், வலி கை, தாடை, முதுகுக்குப் பரவினால், வாயுவென்று கஷாயம் குடித்துப் பார்க்காதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம். தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது.

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் பக்கவாதம். அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அங்கே கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று. அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேனும் எடுக்க வேண்டும். ஸ்கேன் வசதியுள்ள இடத்துக்கே போங்கள். வாயில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும்.

சர்க்கரை 70க்குக் கீழே போய் நடுக்கமும் வியர்வையும் வந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பின் சாப்பிடுங்கள். கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு எடுப்பவர்களுக்கு ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கலாம். "சரியாயிடுச்சு" என்று தூங்கப் போகாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், எந்த வயதுக் குழந்தையும் பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு அல்லது குழந்தையின் அசைவு குறைவது, இவற்றுக்கும் இரவென்று பார்க்காமல் கிளம்புங்கள். காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்று வலியோ தொடர் வாந்தியோ வந்தால் டெங்கு ஆபத்தான கட்டத்துக்குப் போகிறது என்று அர்த்தம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். வலி ஊசி வேண்டாம்.

17ஆம் தேதி காலையில், விடுமுறையின்போது மருத்துவமனையில் சேர்ந்து திரும்பியவர்களை முதலில் பார்ப்பேன். டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டு வாருங்கள்.

மருத்துவர்
ஜூன் 1, 2026