‘நில்லாமல் ஓடும் நதியே’: பாடல் வரிக் காணொளித் திட்டம்

பாட்டு 3:12 நிமிடம், 90 பிபிஎம், நாலு தட்டு. காணொளி 1920×1080, நொடிக்கு 24 ஃபிரேம். அதாவது ஒரு தட்டுக்குச் சரியாக 16 ஃபிரேம், ஒரு பாருக்கு 64. எல்லா அசைவையும் 16, 8, 4 என்ற கணக்கிலேயே வையுங்கள். பின்னணி கரும்பச்சை, எழுத்து வெளிர் மஞ்சள். எழுத்துரு Noto Serif Tamil. அதில் மெல்லிய கோட்டிலிருந்து தடித்த கோடு வரை தொடர்ச்சியாகப் போகலாம், அதுதான் நமக்கு வேண்டும்.

0:00–0:16 முன்னிசை. எழுத்தே வேண்டாம். கடைசி பாரில் மட்டும் தலைப்பு மெதுவாகத் தெளியட்டும்.

0:16–0:48 பல்லவி
*நில்லாமல் ஓடும் நதியே*
*என் பேரை எங்கே விட்டாய்*

இங்கே சொல்லை அசை அசையாகப் பிரிக்கிறோம்: நில் / லா / மல். மிருதங்கம் அப்படித்தான் விழுகிறது. ஒவ்வோர் அசையும் இடமிருந்து வழுக்கி வந்து தட்டில் நிற்க வேண்டும். அசைவு 4 ஃபிரேம் முன்பே தொடங்கினால்தான் தட்டில் விழுந்த மாதிரி இருக்கும். ‘ஓடும்’ மட்டும் நிற்காமல் திரையைக் கடந்து போகட்டும். ‘நதியே’வின் ஏகாரத்தைப் பாடகி இரண்டு தட்டு நீட்டுகிறார். அந்த 32 ஃபிரேமும் எழுத்துகளுக்கிடையே இடைவெளி விரிய வேண்டும், உருவம் இழுபடக் கூடாது. ‘எங்கே’ பெரிதாக வேண்டாம். அது கத்தும் கேள்வி இல்லை, தேடும் கேள்வி. சின்னதாக, திரையின் வெற்றிடத்தில் தனியாக நிற்கட்டும்.

0:48–1:04 இடையிசை. வயலினுக்கு ஒரே ஒரு கோடு அலைகிறது, அவ்வளவுதான்.

1:04–1:52 சரணம்
*கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்தேன்*
*கரையே இல்லாமல் நின்றேன்*

பாட்டின் உயிர் இதில்தான். தாளம் அடங்கிவிடுவதால் துள்ளல், சுழற்சி எதுவும் கூடாது. முதல் ‘கொஞ்சம்’ தடித்த கோடு, இரண்டாவது மெல்லியது. ‘கரைந்தேன்’ வந்து ஒரு பார் வரை தெளிவாக நிற்கட்டும், அப்புறம் அடியிலிருந்து மங்கட்டும். படிப்பதற்குள் கரைந்துவிட்டால் வலி போய்ச் சேராது. ‘நின்றேன்’ அசையவே கூடாது. இத்தனை நேரம் ஓடிய திரையில் அந்த அசையாமைதான் அடி.

ஒரு எச்சரிக்கை: எழுத்து வாரியாக அசைக்கும் கருவியை அப்படியே போட்டால் ‘கொ’ உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாகப் பறக்கலாம். ‘ஞ்’சின் புள்ளியும் கழன்று போகலாம். அதனால் உயிர்மெய் முழுவதையும் ஒரே வடிவமாகச் சேர்த்து, அதன்பின் அசைவு கொடுங்கள்.

1:52–2:24 பல்லவி மறுபடி. முதல் பல்லவியின் அசைவே. திசை மட்டும் வலமிருந்து இடம்.

2:24–2:40 குழல். ‘பேரை’ என்ற சொல் மட்டும் மிக மெல்லிய கோட்டில் நிற்கும்.

2:40–3:12 கடைசிப் பல்லவி. முழு வாத்தியமும் சேர்வதால் கோடு தடிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் திரையில் இருக்க வேண்டாம். கடைசி ‘விட்டாய்’ இசை நின்ற ஃபிரேமிலேயே வெட்டி மறைய வேண்டும், மங்கி அல்ல.

முதலில் சரணத்தை மட்டும் செய்து அனுப்புங்கள். அதைக் கைப்பேசியில் ஒலியில்லாமல் ஒருமுறை, ஒலியோடு ஒருமுறை பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்கலாம்.