ஆடித் தள்ளுபடி ஆர்டர்கள்: மன்னிப்பும் விவரமும்

2025 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நேற்று இரவு 7.10 முதல் 10.35 வரை நமது சேலைக் கடைத் தளத்தில் ஆர்டர்கள் பதிவாகவில்லை. தள்ளுபடிக்காகக் காத்திருந்து, பணமும் கட்டிவிட்டு, ஆர்டர் எண் வராமல் தவித்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.

டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்க், லாக் ஃபைல்களால் நிரம்பிவிட்டது. புதிதாக எதையும் எழுத அதில் இடமில்லை. ஆனால் சேலைப் படங்களும் பணம் கட்டும் பக்கமும் வழக்கம்போலத் திறந்தன. பணம் வங்கி வழியாகப் போவதால் அது தடைபடவில்லை. ஆர்டர் மட்டும் விழவில்லை. தளம் மொத்தமாகப் படுத்திருந்தால்கூட இவ்வளவு குழப்பம் வந்திருக்காது.

பணம் கட்டியவர்கள்: 214 பேரின் தொகை எங்கள் கணக்கில் இருக்கிறது. பணப் பதிவில் தொகை, போன் எண், நேரம் மட்டுமே உண்டு. எந்தச் சேலை, என்ன நிறம், ஃபால்ஸ் பீக்கோ வேண்டுமா, எந்த முகவரி என்பதெல்லாம் போய்விட்டது. ஆகவே இன்று மாலைக்குள் ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் கேட்போம். செய்தி வராவிட்டால், தளத்தின் அடியில் உள்ள எண்ணுக்கு யுபிஐ ரசீதில் இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண்ணையும் சேலையின் படத்தையும் அனுப்புங்கள். சேலை வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், முழுத் தொகையும் திரும்பும்.

இரண்டு முறை கட்டியவர்கள்: கூடுதல் தொகையை இன்று காலையே திருப்பி அனுப்பிவிட்டோம். கார்டு என்றால் வங்கியைப் பொறுத்து 5 முதல் 7 வேலை நாள் ஆகலாம்.

ஸ்டாக் எண்ணிக்கையும் குறையாமல் நின்றதால், ஒரே ஒரு பீஸ் இருந்த சில சேலைகளுக்கு இரண்டு மூன்று பேர் பணம் கட்டியிருக்கிறார்கள். முதலில் கட்டியவருக்கே சேலை. மற்றவர்கள் அதே விலையில் வேறு நிறம் எடுக்கலாம், அல்லது பணத்தைத் திரும்பப் பெறலாம்.

கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்களுக்கு எங்களிடம் எந்தத் தடயமும் இல்லை. தயவுசெய்து மறுபடி போடுங்கள். அதற்காகவே அதே தள்ளுபடி விலை 4ஆம் தேதி காலை 10 மணி முதல் 5ஆம் தேதி நள்ளிரவு வரை இருக்கும். AADI15 கூப்பன் 'பயன்படுத்தப்பட்டது' என்று காட்டியவர்களுக்கும் திரும்ப வேலை செய்யும்.

பார்சல்கள் புதன்கிழமை முதல் கிளம்பும். ஃபால்ஸ் தைக்க வேண்டியவை இரண்டு நாள் பிந்தும்.

லாக் ஃபைல்களைத் தனி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டோம். டிஸ்க் 70 சதவீதம் நிறைந்தாலே எங்கள் போனுக்கு எச்சரிக்கை வரும். இனி ஆர்டர் பதிவாகாத நேரத்தில் பணம் கட்டும் பட்டனும் மூடிக்கொள்ளும்.

ஒன்றில் கவனமாக இருங்கள்: பணம் திரும்பப் பெற யுபிஐ பின்னோ ஓடிபியோ தேவையில்லை. கடை பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

கடை நிர்வாகம்