எழுபத்தொன்பது எவ்வளவு?

தலைமையாசிரியர் அம்மாவுக்கும், சக ஆசிரியர்களுக்கும், மாணவ மாணவியருக்கும் காலை வணக்கம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறேன். தாய்மொழி நாளில் தமிழய்யா பேசாமல் கணக்கு வாத்தியார் ஏன் மைக்கைப் பிடித்திருக்கிறார் என்று எட்டாம் வகுப்பு வரிசையில் கிசுகிசுப்பது எனக்குக் கேட்கிறது. காரணம் இருக்கிறது.

போன வாரம் ஒரு பையன் கரும்பலகையில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் போனால், "ஏடு, எனிமிதி, தொம்மிதி..." என்று எண்ணுகிறான். என்னைப் பார்த்ததும் சட்டென்று "செவன், எயிட்" என்று மாற்றினான். விடை தப்பாகிவிட்டது. தெலுங்கில் எண்ணினால் சார் திட்டுவார் என்று பயம். தம்பி, வீட்டில் விரல் மடக்கிக் கற்ற எண்கள் அவை. தாராளமாக அதிலேயே எண்ணு.

நம் ஓசூரில் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் ஒரே உருண்டைக்கு மூன்று பெயர். தமிழ் வீட்டில் களி, கன்னட வீட்டில் முத்தே, தெலுங்கு வீட்டில் சங்கடி. உருது பேசும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பங்கு கேட்கும்! இத்தனை மொழி காதில் விழுகிற பள்ளிக்கூடம் எல்லோருக்கும் வாய்க்காது.

இந்த நாளே மாணவர்களால் வந்ததுதான். 1952 பிப்ரவரி 21 அன்று, அப்போது பாகிஸ்தானில் இருந்த டாக்காவில், வங்க மொழிக்கும் ஆட்சிமொழி இடம் வேண்டும் என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டது, சிலர் இறந்தார்கள். 1956-இல் வந்த அரசியலமைப்பு அந்த இடத்தைக் கொடுத்தது. யுனெஸ்கோ 1999-இல் இந்தத் தேதியை உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

சரி, தமிழ்ப் பிள்ளைகள் நமக்கு இதில் வேலை இல்லை என்று சிரிக்க வேண்டாம். மளிகைக் கடையில் அண்ணாச்சி "எழுபத்தொன்பது ரூபாய்" என்றார். நம் பள்ளிச் சீருடையில் நின்ற பெண், "அப்படின்னா எவ்வளவு அண்ணா?" என்று கேட்டாள். அவர் "செவன்ட்டி நைன்மா" என்றதும்தான் பணத்தை எடுத்தாள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள். ஆனால் எண், நிறம், கிழமை மூன்றும் அவள் வாயிலிருந்து நழுவிவிட்டன. தினமும் புழங்காத சொல் அப்படித்தான் போகும். ஆங்கிலம் நன்றாகப் படியுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. கடைக்கணக்கை மட்டும் வீட்டு மொழியில் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு வீட்டுப்பாடம். இன்று இரவு பாட்டியிடமோ தாத்தாவிடமோ உங்களுக்குத் தெரியாத ஒரு சொல்லைக் கேட்டு வாங்குங்கள். விதை, மாடு, சமையல், வசவு, எதுவானாலும் சரி. வசவாக இருந்தால் என்னிடம் மட்டும் காட்டுங்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நாளைக்கு ஒரு வாக்கியத்தில் வைத்துப் பேசிக் காட்ட வேண்டும். தெலுங்கு, கன்னடம், உருது பேசுபவர்கள் தமிழ் எழுத்தில் எழுதினாலும் ஏற்றுக்கொள்வேன். முதல் பாடவேளையிலேயே நோட்டைப் பார்ப்பேன்.

நன்றி, வணக்கம்.