தீபாவளிச் சரக்கைத் தவணையில் தரக் கேட்டு விண்ணப்பம்

அனுப்புநர்: இரா. சரவணன், மளிகைக் கடை, பட்டர்வொர்த், பினாங்கு
பெறுநர்: உரிமையாளர் அவர்கள், பருப்பு மற்றும் மளிகை மொத்த வியாபாரம், லெபோ பாசார், ஜார்ச்டவுன்
நாள்: 21 செப்டம்பர் 2026

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதற்காக உங்களிடம் 6,624 ரிங்கிட்டுக்குச் சரக்கு எடுக்க விரும்புகிறேன். சரக்கு இறங்கும் அன்றே 1,624 ரிங்கிட் ரொக்கமாகத் தருகிறேன். மீதி 5,000 ரிங்கிட்டை நான்கு தவணையில் கட்ட அனுமதி கேட்டே இந்தக் கடிதம்.

பெரும்பாலும் நான் ரொக்கத்துக்குத்தான் எடுக்கிறேன். இம்முறை கடன் கேட்கக் காரணம், பணம் வரும் நாளும் சரக்கு வேண்டிய நாளும் பொருந்தாததுதான். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அக்டோபர் நடுவிலேயே வீடுகளில் சாமான் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் இங்குள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மாதக் கடைசியில்தான் சம்பளம். அதற்கு முன் அலமாரி காலியாக இருந்தால் அவர்கள் பேரங்காடிக்குப் போய்விடுவார்கள்; அந்த வியாபாரம் பிறகு திரும்பாது. தெக்குன் கடனுக்கு இப்போது விண்ணப்பித்தால் பணம் நேரத்துக்குக் கைக்கு வரும் என்று நம்ப முடியவில்லை.

சரக்கை இரண்டு நடையாகக் கேட்கிறேன்.

முதல் நடை, அக்டோபர் 5, திங்கள்:
தோல் நீக்கிய முழு உளுந்து, 25 கிலோ மூட்டை 6 (ஒன்று 150): 900
துவரம்பருப்பு, 25 கிலோ மூட்டை 6 (140): 840
கடலைப்பருப்பு, 25 கிலோ மூட்டை 4 (115): 460
பச்சைப்பயறு, 25 கிலோ மூட்டை 4 (130): 520
கடலை மாவு, 1 கிலோ பாக்கெட் 100 (6.20): 620
கூட்டு: 3,340 ரிங்கிட்

இரண்டாம் நடை, அக்டோபர் 19, திங்கள்:
நல்லெண்ணெய், 12 போத்தல் பெட்டி 10 (132): 1,320
நெய், 400 கிராம் டின், 24 டின் பெட்டி 3 (528): 1,584
முந்திரி, 10 கிலோ பெட்டி 1: 380
கூட்டு: 3,284 ரிங்கிட்

எண்ணெய்க் குளியலுக்கான நல்லெண்ணெய் கடைசி வாரத்தில்தான் போகும். அதையும் நெய்யையும் முன்கூட்டியே இறக்கினால் என் இடமும் உங்கள் பணமும் வீணாக முடங்கும். விலை எல்லாம் உங்கள் இந்த வார விலைப்பட்டியல்படி போட்டிருக்கிறேன். இரண்டாம் நடைக்குள் விலை ஏறினால் மூன்று நாள் முன்னதாகச் சொல்லுங்கள். அளவைக் குறைத்துக்கொள்வேனே தவிர, கடன் தொகையைக் கூட்டச் சொல்ல மாட்டேன்.

பணம் கட்டும் விதம்:
அக்டோபர் 5: 1,624 (ரொக்கம்)
அக்டோபர் 26: 1,200
நவம்பர் 2: 1,500
நவம்பர் 10: 1,500
நவம்பர் 30: 800

பெரிய தவணை இரண்டையும் சம்பளம் கைக்கு வந்த பிறகு வைத்திருக்கிறேன். தீபாவளி ஞாயிறு என்பதால் மறுநாள் திங்களும் விடுமுறை. அதனால்தான் நவம்பர் 10. கடைசி 800, கணக்கு நோட்டில் வாங்கும் வாடிக்கையாளர்கள் அடுத்த சம்பளத்தில் தீர்க்கும் பணம். அதை நம்பி இதற்கு மேல் தள்ளிப்போட நான் விரும்பவில்லை. சாதாரண வாரத்தில் கடை விற்பனை சுமார் 4,200 ரிங்கிட். தீபாவளிக்கு முந்தைய இரு வாரங்களில் வாரத்துக்கு 6,500க்குக் குறையாது. உங்கள் சரக்கு விற்ற பணத்தை அன்றன்றே தனி வங்கிக் கணக்கில் போட்டு வைப்பேன். மற்ற மொத்த வியாபாரிகளுக்கு அதிலிருந்து எடுக்க மாட்டேன்.

நான்கு தவணைக்கும் தேதியிட்ட காசோலைகளை முதல் நடை இறங்கும்போதே உங்கள் ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரு தவணை தவறினாலும் பாக்கி தீரும்வரை எனக்கு ரொக்கத்துக்கு மட்டும் சரக்கு கொடுங்கள். என் பெயரில் இப்போதுள்ள 480 ரிங்கிட் பில்லை அக்டோபர் 3க்குள் தீர்த்துவிட்டுத்தான் புதிய சரக்கை இறக்குவேன்.

விற்காமல் மிஞ்சினால் பருப்பு வகைகள் பொங்கலுக்கு ஓடிவிடும், நெய் டின்னும் கெடாது. கடலை மாவுதான் கவலை; இந்த வெக்கையிலும் ஈரத்திலும் சீக்கிரம் வண்டு விழும். பிரிக்காத பாக்கெட்டில் 20 வரை நவம்பர் 15க்குள் திருப்பி எடுத்துக்கொண்டு, கடைசித் தவணையில் கழித்துக்கொள்ள முடியுமா? முடியாதென்றால் மாவை 70 பாக்கெட்டாகக் குறைத்து, கடைசித் தவணையில் 186 ரிங்கிட்டைக் கழித்துவிடலாம்.

மூட்டைகளை லோரிக்காரர் முன்னாலேயே எடை போட்டு, குறை இருந்தால் டெலிவரி ஆர்டரில் எழுதி இருவரும் கையெழுத்திடுவோம். பிறகு பேச்சு வராது. காலை 11 மணிக்குள் லோரி வந்தால் நல்லது, அதன்பின் கடை வாசலில் நிறுத்த இடம் கிடைக்காது.

எஸ்.எஸ்.எம். பதிவு நகல், மூன்று மாத வங்கி அறிக்கை, அடையாள அட்டை நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதில் தெரிந்தால் ரொக்கப் பகுதியை ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும். முழுத் தொகைக்கும் இயலாவிட்டால், முதல் நடையை மட்டுமாவது இதே முறையில் தர முடியுமா என்று சொல்லுங்கள் ஐயா. அதற்கேற்பத் தவணையை மாற்றி எழுதித் தருகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
இரா. சரவணன்
(கையெழுத்து, கடை முத்திரை)