சுண்டுவை எங்களால் வைத்துக்கொள்ள முடியாது, சித்தி

அல்சூர், பெங்களூரு
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள சித்திக்கு,

நேற்று நீங்கள் போன் பண்ணியபோது நான் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டத்தில் சரியாகப் பேச முடியவில்லை, வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வந்த பிறகுதான் தெரிந்தது, நாய்க்குட்டி சுண்டுவை இரண்டு மாதம் வைத்துக்கொள்ள முடியுமா என்று திங்கட்கிழமையே நீங்கள் இவரிடமும் கேட்டிருக்கிறீர்கள், இவரும் "பார்க்கலாம் அத்தை" என்றிருக்கிறார். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு தம்பியிடமும் சொல்லிவிட்டீர்கள் போலிருக்கிறது. அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. உங்களிடம் முடியாது என்று சொல்ல இவருக்கு வாய் வராது. எனக்கும்தான் வரவில்லை. போனில் பேசினால் குரல் உடைந்துவிடும், அப்புறம் நானும் பார்க்கலாம் என்றே சொல்லிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சுண்டுவை எங்களால் வைத்துக்கொள்ள முடியாது சித்தி. இரண்டு மாதத்துக்கும் முடியாது, அப்புறமும் எங்களோடேயே இருக்கட்டும் என்றாலும் முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் கோயம்புத்தூர் கிளம்புகிறீர்கள். இன்னும் எட்டு நாள் இருக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் வேறு ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும்.

ஹவுஸ் ஓனர் விடமாட்டார் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அவர் வீட்டு லாப்ரடாரை நீங்களே உட்கார்ந்து கொஞ்சியிருக்கிறீர்கள். அந்த மனிதர் மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை. காரணம் எங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. நான் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒயிட்ஃபீல்டிலிருந்து திரும்பி வர ஏழு, ஏழரை ஆகிறது. இவருக்கு இப்போது நைட் ஷிப்ட். பகலில் மாப்பிள்ளை வீட்டில்தானே இருக்கிறார் என்று நீங்கள் கேட்டதும் நியாயம்தான். ஆனால் காலை ஏழு மணிக்கு வந்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டுப் படுத்தால் மதியம் இரண்டு வரைக்கும் அசைய மாட்டார். எழுந்து சாப்பிட்டுவிட்டு நாலரைக்கு மறுபடியும் கேப் ஏறிவிடுவார். அந்தத் தூக்கமும் இல்லையென்றால் அவர் உடம்பு தாங்காது. ஏற்கெனவே தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு இருக்கிறார்.

சுண்டுவுக்கு இப்போது ஏழு வாரம் இருக்கும் என்று சொன்னீர்கள். அந்த வயதில் ஒரு குட்டிக்கு நாளைக்கு மூன்று, நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்கி வைக்க அதனால் முடியாது. தூங்கி எழுந்தவுடன் ஒருவர் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதையெல்லாம் பேப்பர் விரித்துச் சமாளிக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். நான் பயப்படுவது அதற்கில்லை. குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரைக்கும்தான் மனுஷரையும் சத்தத்தையும் மற்ற நாயையும் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் பருவம். குக்கர் விசில், காலிங் பெல், ஆட்டோ ஹாரன், குழந்தையின் கை, எல்லாம் அப்போது பார்த்துப் பழக வேண்டும். அந்த நாளெல்லாம் பூட்டின வீட்டில் தனியாகக் கிடந்தால் அது வளர்ந்த பிறகு பயந்துபோய்க் கடிக்கும், ஆள் இல்லாவிட்டால் ஊளையிடும். அப்புறம் அதை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு மாதம்தானே என்று நீங்கள் சொன்னதை ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நமக்கு அது இரண்டு மாதம். சுண்டுவுக்கு அதுதான் பிள்ளைப் பருவம் முழுவதும். நீங்கள் ஜூனில் திரும்பி வரும்போது அதற்குப் பால் பல் விழ ஆரம்பித்திருக்கும். ஊசிகளும் அந்த இரண்டு மாதத்தில்தான் வருகின்றன. ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, அப்புறம் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் வரைக்கும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து. இதில் ஒன்று தள்ளிப்போனாலும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று உங்களிடம் இதுவரைக்கும் சொன்னதில்லை.

2016-ல் உங்கள் வீட்டிலிருந்து நான் பிஜிக்குப் போய், அப்புறம் இரண்டு பெண்களோடு ஒரு வீடு எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அங்கே பக்கத்தில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மணல் குவியலில் ஒரு பழுப்பு நிறக் குட்டி. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். காலையில் பால்கனியில் ஒரு கிண்ணம் பாலும் நான்கு மாரி பிஸ்கட்டும் வைத்துவிட்டு ஆபீஸ் போவேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது. நான் படியேறும் சத்தம் கேட்டாலே கதவைப் பிராண்டும். ஒரு நாள் சாயங்காலம் வாந்தி எடுத்திருந்தது. பால் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துத் தயிர்சாதம் வைத்தேன். மறுநாளும் ஆபீஸ் போனேன். அன்றைக்குத்தான் போயிருக்கக் கூடாது. திரும்பி வந்தபோது பால்கனி முழுக்க ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. டாக்டர் பார்த்தவுடனேயே பார்வோ வைரஸ் என்றார். ஊசி போட்டீர்களா என்று கேட்டார். போடவில்லை. முன்னங்காலில் பச்சை டேப் சுற்றி டிரிப்ஸ் ஏற்றினார்கள். இரண்டு ராத்திரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டேப் சுற்றின காலை என் கை மேல் வைத்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது ராத்திரி விடிவதற்கு முன்னால் போய்விட்டது. அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், இந்த வீட்டுக்கு இப்போதைக்கு வேறு குட்டி கொண்டுவராதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை சித்தி. வீட்டில் ஆள் இருந்து, வாந்தி எடுத்த அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் பிழைத்திருக்கலாம். ஊசி போட்டிருந்தால் வராமலேயே இருந்திருக்கலாம். எனக்கு நாய் பிடிக்காது என்று தம்பி நினைத்துக்கொண்டிருக்கிறானாம். பிடிக்கும் என்பதால்தான் பகல் முழுக்கக் கவனிக்க ஆள் இல்லாத வீட்டுக்குள் இன்னொரு குட்டியைக் கொண்டுவர மாட்டேன்.

நீங்கள் எனக்குச் செய்ததெல்லாம் மறந்துவிடவில்லை. ஊரிலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்து நின்றவளை எட்டு மாதம் உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டீர்கள். நைட் ஷிப்ட் முடிந்து நான் வரும் நேரத்துக்கு எழுந்து தோசை சுட்டுக் கொடுத்தீர்கள். அப்படிப்பட்டவர் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்கும்போது முடியாது என்று எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. பிரசவத்துக்குத் துணையாகப் போகிற நேரத்தில் உங்களுக்கு இது ஒரு கவலை வேண்டாம் என்றுதான் நேற்றிலிருந்தே விசாரித்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல இடம் கிடைத்திருக்கிறது.

ஆபீசில் என் டீமில் ஒரு மலையாளி அக்கா இருக்கிறார். வீடு கம்மனஹள்ளியில், காம்பவுண்டு வைத்த சொந்த வீடு. அப்பா, அம்மா இரண்டு பேரும் ரிடையர்டு, பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பார்கள். 14 வருஷம் வளர்த்த நாய் போன வருஷம் வயதாகிச் செத்துப்போனது. சுண்டுவின் போட்டோவை அம்மாவிடம் காட்டினாராம், எப்போது பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். பெண் குட்டி என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் அதைக் கேட்டதும் நிறையப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். இவர்கள் பரவாயில்லை, வயது வந்ததும் கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கொள்கிறோம் என்றார்கள்.

ஒன்றே ஒன்று. அவர்கள் எடுத்தால் எப்போதைக்குமாகத்தான் எடுப்பார்கள். இரண்டு மாதம் வளர்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க அம்மாவால் முடியாது என்று அக்கா சொன்னார். அது சரி என்றே எனக்கும் படுகிறது. ஒவ்வொரு வீடாக மாறினால் குட்டிதான் குழம்பிப்போகும். பணம் வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்ளும் போர்டிங் இடங்களும் கேட்டுப் பார்த்தேன், எல்லா ஊசியும் போட்ட புத்தகம் இருந்தால்தான் எடுப்பார்களாம். ஹெப்பாளில் கால்நடைக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் க்யூபா என்ற விலங்கு நல அமைப்பைப் பற்றியும் யோசித்தேன். நல்ல வேலை செய்கிறவர்கள். ஆனால் அடிபட்டதும் நோய் வந்ததும் நிறைய வந்து சேரும் இடத்தில் ஊசி போடாத குட்டியை விட எனக்குத் தைரியம் இல்லை. வேறு வழியே இல்லையென்றால் பார்க்கலாம்.

தம்பிக்குத்தான் கஷ்டமாக இருக்கும். மழையில் ஜீவன்பீமா நகர் சாக்கடைக்குள் இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன். நீங்கள் சொல்ல வேண்டாம், நானே வந்து பேசுகிறேன். நான் எடுத்துக்கொள்வேன் என்று அவனிடம் மட்டும் இனிமேல் சொல்லாதீர்கள். பத்தாவது போகிற பையன், உண்மையைச் சொன்னால் புரிந்துகொள்வான். கம்மனஹள்ளி வீட்டை அவன்தான் பார்த்து முடிவு பண்ண வேண்டும் என்று அந்த அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்கிறார்கள்.

சனிக்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு ஆட்டோவோடு வருகிறேன். முதலில் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டு முதல் ஊசியைப் போட்டுவிடலாம். அங்கே முடியாவிட்டால் இங்கே அல்சூரில் ஒரு டாக்டர் இருக்கிறார். இந்த ஊசி, அடுத்த இரண்டு ஊசி, பூச்சி மருந்து எல்லாச் செலவும் என்னுடையது, அதில் மட்டும் மறுப்புச் சொல்லாதீர்கள். டாக்டர் பார்த்து நன்றாக இருக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் கம்மனஹள்ளி போய் வருகிறோம்.

அதுவரைக்கும் அதைத் தெருவில் இறக்கிவிட வேண்டாம். மற்ற நாய் போகும் இடத்து மண்ணே அதற்கு ஆகாது. வெளியே காட்ட வேண்டுமென்றால் தம்பி கையில் தூக்கிக்கொண்டு போகட்டும். பசும்பாலை நிறுத்திவிட்டு, குழைய வடித்த சோறும் உப்பும் காரமும் போடாமல் வேக வைத்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தியோ பேதியோ பார்த்தால், ராத்திரி இரண்டு மணியானாலும் எனக்குப் போன் பண்ணுங்கள். அன்றைக்கு நான் ஆபீஸ் போக மாட்டேன்.

சனிக்கிழமை வரும்போது ஒரு பழைய சாக்ஸோ டவலோ, சுண்டு படுத்துப் புரண்டதாக ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். துவைக்க வேண்டாம். புது வீட்டில் முதல் சில ராத்திரி அந்த வாசனை பக்கத்தில் இருந்தால் அழாமல் தூங்கும்.

அன்புடன்,
உங்கள் பாப்பா