கடல் பக்கத்துத் தூண்

சைட்டுக்கு துளசி வந்து சேர்ந்தபோது தூண்களுக்கு அடித்த பலகையைக் கழற்றி அரைமணி நேரம் ஆகியிருந்தது. திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட எழும்பும் இரண்டு மாடி வீடு. அவளுக்கு முதல் நாள். புதுத் தலைக்கவசம் நெற்றியில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

ஏழு தூண்கள் வழவழவென்று நின்றன. எட்டாவது, கடல் பக்கத்தில். அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சாந்தே இல்லை. கச்சான் அல்வாவை உடைத்த மாதிரிச் சல்லி துருத்திக்கொண்டு நின்றது. தேன்கூடு.

பாஸ் அதற்குள் ஒரு தாச்சி சாந்து குழைத்துவிட்டார். சாந்தகப்பை கையில்.

"சின்ன விசயம் மிஸ். பூசிவிட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"கொஞ்சம் பொறுங்க பாஸ்."

குரல் நடுங்கியது. அவருக்கு அவளுடைய அப்பாவின் வயது.

கீழே கிடந்த ஆணியை எடுத்து ஓட்டைக்குள் விட்டாள். தடையே இல்லாமல் போய், டிங் என்று கம்பியில் முட்டியது. நகத்தால் அடையாளம் பிடித்து அளந்தாள். 45 மில்லிமீற்றர். கம்பியை மூடியிருக்க வேண்டிய கொங்கிரீட் முழுவதும் வெறும் ஓட்டை.

சாம்பல்தீவில் அம்மம்மா வீட்டு விறாந்தைத் தூணும் வெளியே அழகாகத்தான் பூசியிருந்தது. உப்புக்காற்று உள்ளே போய்க் கம்பியைத் தின்றது. துரு பருத்து, ஒருநாள் கொங்கிரீட்டைப் பாளமாகத் தள்ளி விழுத்தியது. அந்தக் கம்பியைச் சின்ன வயதில் விரலால் உதிர்த்து விளையாடியிருக்கிறாள்.

"பூச வேண்டாம் பாஸ். பெரிய எஞ்சினியருக்குப் படம் அனுப்புறன். அவர் வந்து பார்த்த பிறகு, இளகினது எல்லாத்தையும் கொத்தி எடுப்பம், கம்பிக்குப் பின்னால விரல் போற அளவுக்கு. கழுவி, ஈரமாக்கி, சுருங்காத கிரவுட் விடுவம். அதுவரைக்கும் மேல பாரம் ஏத்தக்கூடாது."

பாஸ் பேசவில்லை. தாச்சியில் சாந்து இறுகத் தொடங்கியது. சல்லியைத் தடவினார், ஒன்று கையோடு வந்தது. அதை உருட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நேற்று அடிப்பலகைக்குக் கீழால சீமெந்துப் பால் வடிஞ்சது மிஸ். கண்டனான். பொழுதுபட்டுட்டுது எண்டு விட்டுட்டன். கம்பி நெருக்கம், வைப்ரேட்டரும் அடிமட்டும் இறங்கேல்ல."

அதை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. துளசிக்கு நெஞ்சு இளகியது.

"மற்றத் தூணுக்கு எப்ப கொங்கிரீட்?"

"பின்னேரம். பலகை அடிச்சாச்சு."

துளசி சாரத்தில் ஏறி, மேலிருந்து டோர்ச் அடித்தாள். கீழே பாஸ் முழங்காலில் குந்தி, பலகையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு இடத்தில் வெளிச்சம் கசிந்தது. பழைய மெத்தைப் பஞ்சைக் கிழித்து, ஆணி முனையால் குத்திக் குத்தி அடைத்தார்.

"இப்ப?" என்று மேலிருந்து கேட்டாள்.

"பொறுங்க மிஸ், லைட்டை எடுக்காதைங்க. இந்த மூலையில இன்னும் தெரியுது."